பேச்சில்லாமல் வந்த ஸ்கிரீன்ஷாட்: ஒரு 499 ரூபாய் ஆட்டோபே நிகழ்வு ஆய்வு

நவம்பர் 13, இரவு ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸப்பில் வந்தது ஒரு படம் மட்டும். அனுப்பியவர் எங்கள் நெட் சென்டர் இருக்கும் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா. மேலேயும் கீழேயும் ஒரு வார்த்தை இல்லை, கேள்விக்குறிகூட இல்லை. படத்தில் தெரிந்தது இவ்வளவுதான்:

```
Upcoming AutoPay
₹499.00 will be debited on 14 Nov
Your trial is ending
Manage
```

இலவச நாள் முடிகிறது, பதினான்காம் தேதி 499 ரூபாய் தானாகப் பிடிக்கப்படும் என்பதுதான் அதன் பொருள். எங்கள் கடைக்கு இந்த மாதிரிப் படம் வராத வாரம் இல்லை. பென்ஷன் வாங்கும் சார், மளிகைக் கடை அண்ணாச்சி, காலேஜ் போகும் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள். படத்தை அனுப்பிவிட்டு, அதுவே கேள்வி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் பதில் சொல்பவருக்கு அதில் மூன்று கேள்விகள் தெரியும். "இதை எப்படி நிறுத்துறது?" என்பது ஒன்று. "எவ்வளவு போகும், ஏற்கனவே போயிருச்சா, மாசா மாசம் போகுமா?" என்பது இரண்டாவது. "இது ஏமாத்து வேலையா?" என்பது மூன்றாவது. இந்த ஒரு நிகழ்வை விரிவாக எழுதக் காரணம், இதில் மூன்றுமே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எந்த ஒன்றை மட்டும் ஊகித்துப் பதில் சொல்லியிருந்தாலும் அக்காவுக்கு நஷ்டம் ஆகியிருக்கும்.

ஊகம் தப்பினால் என்ன நடக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். நிறுத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அந்த Manage-ஐத் தொடுங்க அக்கா" என்று சொல்கிறேன். படம் ஒரு போலிச் செய்தியில் எடுத்ததாக இருந்தால், அந்தப் பொத்தான்தான் பொறி. நானே அவர் விரலைப் பிடித்து அதில் வைத்த மாதிரி ஆகிவிடும். மோசடி என்று நினைத்து, "டெலீட் பண்ணிருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறேன். செய்தி உண்மையாக இருந்தால் மறுநாள் 499 ரூபாய் போய்விடும், அடுத்த மாதமும் போகும். விலைதான் கேட்கிறார் என்று நினைத்து திட்டங்களையும் தள்ளுபடியையும் விளக்க உட்கார்ந்தால், ராத்திரி கரைந்துவிடும். இந்தப் படத்தில் நேரம் முக்கியம், ஏனென்றால் பணம் பிடிக்கும் தேதி மறுநாள்.

படத்திலேயே சில தடயங்கள் இருக்கின்றன. முதலாவது, வினைச்சொல்லின் காலம். will be debited என்றால் பணம் இன்னும் கையில் இருக்கிறது. debited என்று மட்டும் இருந்தால் போய்விட்டது. பயத்தில் படிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறார்கள், அதனால் பாதி ஆறுதலை இந்த ஒரு வரியிலேயே கொடுத்துவிடலாம். இரண்டாவது, செய்தி வந்த நேரம். சந்தா போன்றவற்றுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டில், பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யார் பிடிக்கிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதி, எதற்காக என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பதினான்காம் தேதிப் பிடித்தத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்திருப்பது இந்த விதியோடு ஒத்துப்போகிறது. இது உண்மையாக இருக்கலாம் என்பதற்கு ஒரு சின்ன ஆதாரம்; உறுதி ஆகாது. விதி தெரிந்த மோசடிக்காரனும் அதே வாக்கியத்தை எழுதுவான்.

மூன்றாவது தடயம் அனுப்பியவரின் பெயர். அதுதான் இந்தப் படத்தில் இல்லை. அக்கா படத்தின் மேல் பகுதியை வெட்டிவிட்டு, தொகை தெரியும் இடத்தை மட்டும் அனுப்பியிருந்தார். பெரும்பாலும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பயமுறுத்திய இடத்தை வெட்டி எடுத்து அனுப்புகிறார்கள், பயத்தைத் தீர்க்கும் இடம் வெட்டுப்பட்டுப் போகிறது. அது எஸ்எம்எஸ்ஸா, பணம் அனுப்பும் ஆப்பின் அறிவிப்பா, மின்னஞ்சலா, யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதா என்று மேல் ஓரம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். எஸ்எம்எஸ் என்றால் வங்கியோ பதிவு செய்த நிறுவனமோ அனுப்பியது பத்து இலக்க நம்பரிலிருந்து வராது. இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் என்று தலைப்பு வரும், கடைசியில் -S அல்லது -T போன்ற ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். சாதாரண மொபைல் நம்பரிலிருந்து "உங்கள் சந்தா புதுப்பிக்கப்படுகிறது" என்று வந்தால் அதை நம்பக் கூடாது.

ஆனால் இதையெல்லாம் அக்காவிடம் அந்த நேரத்தில் விளக்க முடியாது. மேல் பகுதியோடு மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும், படத்தைப் பார்த்துப் படத்தை நம்புவதாகவே அது இருக்கும். எனக்கு வேண்டியது, மூன்று கேள்விக்கும் பொருந்தி, எந்தக் கேள்வியானாலும் கெடுதல் செய்யாத ஒரு முதல் அடி. அப்படி ஒன்று இருக்கிறது. நான் அனுப்பிய பதிலை அப்படியே தருகிறேன்:

"அக்கா, பணம் இன்னும் போகல. அந்தப் படத்துல இருக்கற எதையும் தொட வேண்டாம். நீங்க காசு அனுப்புற ஆப்பை நீங்களே தனியாத் திறங்க. மேல உங்க போட்டோ இருக்கற வட்டத்தைத் தொட்டா Autopay-னு ஒண்ணு வரும். அதைத் திறந்து, அங்க என்ன தெரியுதோ அதை வெட்டாம படம் எடுத்து அனுப்புங்க. பின் நம்பர் கேட்டா போடாம நிறுத்திருங்க."

உண்மையான யூபிஐ ஆட்டோபே என்றால், அனுமதி கொடுத்த ஆப்பின் இந்தப் பட்டியலில் அது இருந்தே ஆக வேண்டும். யூபிஐ வழியாகப் பணம் தானாகப் போக, கணக்கு வைத்திருப்பவர் ஒரு முறை பின் நம்பர் போட்டு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்த அனுமதிக்கு மேண்டேட் என்று பெயர். மேண்டேட் இல்லாமல் யாரும் 499 ரூபாயை இழுக்க முடியாது. பட்டியலைப் பார்க்க மட்டும் பின் நம்பர் தேவையில்லை. ஆக, இது பார்வை மட்டும்தான். நிறுத்த நினைப்பவருக்கு நிறுத்தும் பொத்தான் அங்கேதான் இருக்கிறது. விலை கேட்பவருக்குத் தொகை அங்கே இருக்கிறது. மோசடியா என்று கேட்பவருக்கு, இருக்கிறதா இல்லையா என்ற பதிலே அங்கே இருக்கிறது.

பதிலுக்கும் படமே வந்தது. அதில் பட்டியல் காலியாக இருந்தது. கூடவே, முதல் முறையாக, ஒரு குரல் செய்தி: "தம்பி, ஒண்ணுமே இல்லயேப்பா. அப்ப இது ஏமாத்துதான? அழிச்சிரட்டா?"

இங்கேதான் பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். பட்டியல் காலி, ஆகவே போலி என்று. ஆனால் ஒரு போனில் ஒரு பணம் அனுப்பும் ஆப்தான் இருக்கும் என்று யார் சொன்னது? அக்காவின் போனில் இரண்டு இருந்தன. ஒன்றில் அவர் தினமும் துணி வாங்கும் கடைக்குப் பணம் அனுப்புவார். இன்னொன்றை அவர் மகள், ஒரு முறை ரீசார்ஜ் சலுகைக்காகப் போட்டுவைத்திருந்தாள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கோடு இணைந்தவை. எந்த ஆப்பில் பின் நம்பர் போட்டு அனுமதி கொடுத்தோமோ, முதலில் அந்த ஆப்பில்தான் தேட வேண்டும். இன்னொன்றில் தெரியாமல் போகலாம். அதனால் ஒரு ஆப் காலியாக இருப்பதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. போனில் உள்ள ஒவ்வொரு பணம் அனுப்பும் ஆப்பிலும் பார்க்க வேண்டும். யூபிஐயில் எங்குமே இல்லை என்றால், ஏடிஎம் கார்டு நம்பர் எங்காவது கொடுத்தோமா, ப்ளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்தோமா என்றும் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் இல்லாத பிறகுதான் போலி என்ற சொல்லுக்கு இடம் உண்டு.

நான் கேட்ட அடுத்த கேள்விதான் இந்த நிகழ்விலேயே அதிகம் பயன்பட்டது. "ஏதாவது சப்ஸ்கிரிப்ஷன் போட்டீங்களா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அவர்கள் அறிவில் அது உண்மையும்கூட. நான் கேட்டது: "போன வாரம் எதுக்காவது ஒரு ரூபா, ரெண்டு ரூபா கட்டுனீங்களா அக்கா?"

"ஆமா, பாப்பா இங்கிலீஷ் படிக்கணும்னு ஏதோ ஒரு ஆப்புக்கு ஒரு ரூபா கட்டுனோம். அது ஒரு ரூபாதானப்பா!"

அந்த ஒரு ரூபாய்தான் விஷயம். ஏழு நாள் இலவசமாகப் பார்க்கலாம், சரிபார்ப்புக்கு மட்டும் ஒரு ரூபாய் என்று திரை சொல்லும். அதில் ஒரு ரூபாய் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் பிறகு தானாக 499 பிடிக்கப்படும் என்பது கீழே சிறிய எழுத்தில் இருக்கும். பின் நம்பர் போடும்போது நாம் ஒரு ரூபாய் அனுப்புவதாக நினைக்கிறோம். உண்மையில் அதே பின் நம்பரால் இரண்டு வேலை நடக்கிறது: ஒரு ரூபாய் போகிறது, மேண்டேட்டும் பதிவாகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது. 15,000 ரூபாய் வரையிலான தானியங்கிப் பிடித்தங்களுக்கு மறுபடி உறுதி கேட்கத் தேவையில்லை என்பது விதி. 2022 ஜூனுக்கு முன் இந்த வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. மாதம் 499 ரூபாய்ப் பிடித்தம் இந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது.

இரண்டாவது ஆப்பைத் திறக்கச் சொன்னேன். அதில் மேண்டேட் இருந்தது. ஆனால் அக்காவின் பயம் குறையவில்லை, கூடியது. காரணம், பட்டியலில் இருந்தது ஆப்பின் பெயர் இல்லை. கேள்விப்படாத ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயர் இருந்தது. கூடவே தொகை 499 என்று இல்லாமல் Up to ₹1,500 என்று இருந்தது. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற இடத்தில் As presented என்று இருந்தது. முடிவு தேதி பல ஆண்டுகள் தள்ளி இருந்தது. இப்படிப்பட்ட திரையைப் பார்த்தால் படித்தவர்களுக்கே வயிறு கலங்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்.

பெயர் மாறியிருப்பது சாதாரணம். கடைக்கு ஒரு போர்டு, ஜிஎஸ்டி பில்லில் உரிமையாளரின் கம்பெனி என்று இருப்பதைப் போல, ஆப்புக்கு ஒரு பெயரும் வங்கியில் பணம் வாங்கும் கம்பெனிக்கு ஒரு பெயரும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று பார்க்க ஒரு வழி, ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் கீழே போய் அதை உருவாக்கியவர் யார் என்ற விவரத்தைப் படிப்பது. அதைவிட உறுதியானது பணப் பரிமாற்ற வரலாறு. நவம்பர் 7 அன்று 1 ரூபாய் போன வரியைத் தேடச் சொன்னேன். அதில் அதே கம்பெனியின் பெயர் இருந்தது. ஏழு நாள் கழித்து 14. தேதி ஒத்துப்போகிறது, பெயர் ஒத்துப்போகிறது, ஒரு ரூபாய் கட்டியது அவருக்கே நினைவிருக்கிறது. இனி இது மோசடிக் கேள்வி இல்லை. அவர் தெரியாமல் கொடுத்த, ஆனால் அவரே கொடுத்த அனுமதி.

1,500 என்பது பில் தொகை அல்ல, மேல் வரம்பு. ஒரு தடவையில் அதிகபட்சம் இவ்வளவு வரை பிடித்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் போகப்போவது 499தான். ஆனால் இது வெறும் சம்பிரதாயமும் இல்லை. நாளைக்கு விலையை 999 ஆக்கினாலும் புதிதாக அனுமதி கேட்கத் தேவையில்லை, முன்னறிவிப்பு அனுப்பினால் போதும். இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் மேண்டேட்டில் பார்க்க வேண்டிய எண் இதுதான். As presented என்றால், மாதம் ஒரு முறை என்ற கட்டுப்பாடு மேண்டேட்டிலேயே இல்லை என்று பொருள். எப்போது கேட்டாலும் கொடுக்கலாம் என்ற மாதிரி. ஆகவே மாதா மாதமா, மூன்று மாதத்துக்கு ஒரு முறையா என்ற கேள்விக்கு இந்தத் திரையில் பதில் கிடைக்காது. ஆப்புக்குள்ளே போய்த் திட்டம் என்ன என்று பார்க்க வேண்டும்.

அக்கா உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. "பாப்பாவுக்குப் பிரயோஜனம்னா ஒரு தடவ ஐந்நூறு கட்டலாம்பா. மாசா மாசம்னா நம்மால ஆகாது." நிறுத்துவது அவர் மனதில் முதலில் இல்லவே இல்லை. படம் வந்த உடனே நிறுத்தும் வழியை மட்டும் வரிசையாக அனுப்பியிருந்தால், மகள் ஆசைப்பட்ட ஒன்றைக் கேட்காமலே வெட்டிவிட்டிருப்பேன்.

ஆப்புக்குள் மெம்பர்ஷிப் பக்கத்தில் 499 என்பது ஒரு மாதத்துக்கு என்று இருந்தது. பக்கத்திலேயே, இப்போதே வருடத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்ற பெட்டி. விலையைப் பார்க்கும்போது மாதக் கணக்கில் பார்க்கக் கூடாது, வருடக் கணக்கில் பார்க்க வேண்டும். 499ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 5,988 ரூபாய். மகளிடம் கேட்டதில், முதல் இரண்டு நாள் பார்த்தாள், அப்புறம் பரீட்சை வந்துவிட்டது. நிறுத்துவது என்று அக்காவே முடிவெடுத்தார்.

நிறுத்துவதில் இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்று ஆப்புக்குள்ளே சந்தாவை நிறுத்துவது. இன்னொன்று யூபிஐ ஆப்பில் மேண்டேட்டை ரத்து செய்வது. நேரம் இருந்தால் முதலில் ஆப்புக்குள் நிறுத்தி, பிறகு மேண்டேட்டை ரத்து செய்வது ஒழுங்கு. அன்றைக்கு மணி பத்தரை. ஆட்டோபே பிடித்தங்கள் 2025 ஆகஸ்ட் முதல் நெரிசல் இல்லாத நேரங்களில்தான் நடக்க வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ விதி வைத்திருக்கிறது: காலை 10 மணிக்கு முன், பிற்பகல் 1 முதல் 5 வரை, இரவு 9.30க்குப் பின். அப்படியானால் நள்ளிரவு தாண்டியதும் எப்போது வேண்டுமானாலும் பணம் போகலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனவர்கள், கடை திறக்கும்போது பணம் போயிருப்பதைப் பார்க்கிறார்கள். ஆகவே முதலில் மேண்டேட்டை ரத்து செய்யச் சொன்னேன். அது நம் கையில் இருக்கும் பூட்டு. அந்தக் கம்பெனியின் தயவு அதற்குத் தேவையில்லை. முன்னறிவிப்பு வந்த பிறகும் பிடித்தத்தை மறுக்கும் உரிமையை ரிசர்வ் வங்கி விதியே தருகிறது.

ரத்து செய்யும் பொத்தானைத் தொட்டதும் பின் நம்பர் கேட்டது. அக்கா அங்கேயே நின்றுவிட்டார். "தம்பி, பின் கேக்கு. பின் போட்டா காசு போகும்னு நீதானப்பா சொன்ன?"

இந்தச் சந்தேகம் மிகச் சரியான சந்தேகம். இந்த எச்சரிக்கை உணர்வு இருப்பவரை ஒருபோதும் அவசரப்படுத்தக் கூடாது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்றுதான் வங்கிகள் முதல் நாங்கள் வரை எல்லோரும் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் மேண்டேட்டை ரத்து செய்வது பணம் வாங்குவது அல்ல. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது. அனுமதி கொடுத்தவர்தான் திரும்பப் பெறுகிறார் என்று உறுதி செய்யவே அந்தப் பின். வேறொருவர் போனை எடுத்து இன்சூரன்ஸ் தவணையை ரத்து செய்துவிடக் கூடாது இல்லையா?

சிக்கல் என்னவென்றால், மோசடிக்காரனும் இதே வாக்கியத்தைச் சொல்லுவான்: "ரத்து செய்யப் பின் போடுங்கள்" என்று. திரையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிரிப்பது வந்த வழி. அக்கா தன் ஆப்பைத் தானே திறந்து, பட்டியலுக்குப் போய், அந்த வரியைத் தொட்டு, ரத்து என்ற பொத்தானைத் தானே அழுத்திய பிறகு வந்த பின் பக்கம் இது. ஒரு லிங்க்கைத் தொட்டோ, போனில் ஒருவர் சொல்லச் சொல்லவோ, திடீரென்று மேலே வந்து விழுந்த கோரிக்கையிலிருந்தோ வந்த பின் பக்கமாக இருந்தால் போடவே கூடாது. இந்த வித்தியாசத்தை நான் குரல் செய்தியில் அனுப்பினேன். அப்படியும் அவர் போடவில்லை. கடைக்கு வரவா என்று கேட்டார். கடை பூட்டியிருந்தாலும் வீடு பக்கம்தான், வரச் சொன்னேன். திரையை நேரில் பார்த்த பிறகு, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவரே பின் போட்டார். நிலை Revoked என்று மாறியது, வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்தது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். பின்னால் பிரச்சினை வந்தால் காட்ட வேண்டிய ஸ்கிரீன்ஷாட் அதுதான்.

இரண்டாவது பூட்டுக்கு அதிக நேரம் ஆனது. ஆப்புக்குள் நிறுத்தும் பொத்தான் முதல் பக்கத்தில் இல்லை. உதவிப் பக்கத்துக்குள் போய், கேள்வி பதில் பட்டியலில் ஒன்றைத் திறந்து, காரணம் சொல்லி, "ஒரு மாதம் மட்டும் இடைநிறுத்தலாமா", "பாதி விலைக்குத் தரலாமா" என்ற பெட்டிகளையெல்லாம் தாண்டிப் போனால்தான் கிடைத்தது. இது எனக்குக் கோபம் வரும் இடம். நிறுத்துவதைச் சுற்றிவளைப்பதும், அந்தப் பொத்தானை ஒளித்து வைப்பதும், இலவசம் என்று சொல்லிவிட்டு அதற்கே தானியங்கிப் பிடித்த அனுமதி கேட்பதும் சந்தாப் பொறி என்ற பெயரில் தடை செய்யப்பட்டவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள 13 ஏமாற்று வடிவங்களில் இதுவும் ஒன்று. தடை இருந்தும் அக்கா மாதிரி ஆட்கள் ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பெட்டிகளைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வித்தியாசம் கவனிக்கத் தக்கது. உண்மையான கம்பெனி நிறுத்தும் வழியை ஒளிக்கிறது. போலிச் செய்தி அதைத்தான் பெரிதாக நீட்டுகிறது. "இன்று 4,999 ரூபாய் பிடிக்கப்படும், வேண்டாம் என்றால் உடனே இந்த நம்பருக்கு அழைக்கவும்" என்று வரும் செய்திகளின் உயிர்நாடியே அந்த நம்பர்தான். அழைத்தால் அன்பாகப் பேசுவார்கள், ரத்து செய்து தருகிறோம் என்பார்கள், திரையைப் பகிரும் ஒரு ஆப்பைப் போடச் சொல்வார்கள் அல்லது ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பைப் போட்டுவிடும் ஒரு ஏபிகே கோப்பை அனுப்புவார்கள். அதன் பிறகு நாம் தட்டுவதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். படத்தில் போன் நம்பர் இருந்தால் நான் வேறு எதையும் படிக்காமலே அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம் என்று முதலில் எழுதிவிடுவேன். பட்டியலைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அக்காவின் சந்தா ப்ளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் பாதை கொஞ்சம் வேறு. ப்ளே ஸ்டோரில் போட்டோ வட்டம், Payments & subscriptions, அதற்குள் Subscriptions. ஆப்பை போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. நிறையப் பேர் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், பணம் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியல் காலியாகத் தெரிந்தால், போனில் வேறு ஜிமெயில் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கணக்கில் சேர்ந்திருப்பது வழக்கம். ஐபோனில் செட்டிங்ஸில் மேலே இருக்கும் பெயரைத் தொட்டால் Subscriptions வரும். அங்கே இலவச நாள் முடிய குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், கடைசி ராத்திரி என்பது தாமதம்.

படம் ஒரு நாள் தாமதமாக, debited என்று வந்திருந்தால்? ப்ளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதன் பிறகு ஆப் உருவாக்கியவரிடம்தான் கேட்க வேண்டும். நேராகக் கம்பெனிக்குப் போயிருந்தால் முதலில் மேண்டேட்டை ரத்து செய்துவிட்டு, கம்பெனிக்கு எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 1930 இதற்கு அல்ல. அது சைபர் மோசடிக்கானது: நாம் அனுமதியே கொடுக்காத பணம் போயிருந்தால், லிங்க்கைத் தொட்டு ஏமாந்திருந்தால், அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண். மூன்று கேள்விகளில் எது என்று பிரிப்பது இங்கேயும் பணமாகப் பேசுகிறது. சந்தாப் பொறியில் விழுந்தவர் 1930க்கு அழைத்தால், "நீங்களே பின் போட்டிருக்கிறீர்கள்" என்ற பதிலோடு நாள் கழியும். மோசடியில் விழுந்தவர் 1915க்கு அழைத்தால், பணத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய நேரம் கழியும்.

பதினான்காம் தேதி பணம் போகவில்லை. அடுத்த சில நாள் அந்த ஆப்பிலிருந்து, பணம் செலுத்த முடியவில்லை, மறுபடி முயலுங்கள் என்று அறிவிப்புகள் வந்தன. ஒவ்வொன்றையும் அக்கா படம் எடுத்து அனுப்பினார். இப்போது படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: "போகுமா?" போகாது என்று எழுதுவேன். ரத்தான மேண்டேட்டில் பணத்தை இழுக்க முடியாது, புதிதாகப் பின் போட்டால்தான் உண்டு.

அந்த இரண்டாவது ஆப்பின் பட்டியலில் இன்னொரு மேண்டேட்டும் இருந்ததை அன்றைக்கு ராத்திரி நேரில் பார்த்தபோதுதான் கவனித்தோம். மாதம் 99 ரூபாய், ஒரு ராசிபலன் ஆப். ரீசார்ஜ் சலுகைத் திரையில் எப்போதோ ஒரு ரூபாய் கட்டியதில் வந்தது. வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளினால் மாதா மாதம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வந்ததால் அக்கா விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறார். போன பணத்தைக் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. 1915இல் பதிய, பிடித்த தேதிகளையும் மேண்டேட் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.